ஆல்ட்டோ வரிசையிலிருந்து ஒரு விண்ணப்பம்

பாடகர் குழுவில் பல ஆண்டுகளாக ஆல்ட்டோ பாடிவரும் ஒரு பெண், தன் குரலின் எல்லை மேலே நகர்ந்திருப்பதால் இனி சொப்ரானோ வரிசையில் நிற்க அனுமதி கேட்டு எழுதும் கடிதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாண்டாது. தமிழ்நாட்டில் அப்படியொரு கடிதம் எழுதப்பட்டால், அது பெரும்பாலும் ஒரு சி.எஸ்.ஐ. அல்லது லுத்தரன் சபையின் கொயர் மாஸ்டருக்குத்தான் போகும். நான்கு குரலில் பாடும் வழக்கம் இங்கே வேரூன்றியது தேவாலயங்களில். தேவாலயத்துக்கு வெளியே, சென்னையில் 1893 முதல் இருந்துவரும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற சில குழுக்களே உண்டு. கடிதம் சிறியதென்றாலும், அதற்குச் சரியான பதில் சொல்ல ஒரு குரல் எப்படி வேலை செய்கிறது, எதனால் மாறுகிறது, ஒரு குழு எப்படிச் சமன்படுகிறது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எழுதுபவருக்கும் இவை தெரிந்திருந்தால், மாஸ்டரால் மறுக்க முடியாத ஒரு வேண்டுகோளாகக் கடிதத்தை அமைக்கலாம்.

நான்கு குரல் பாட்டில் பெண்களுக்கு இரண்டு பகுதிகள். மேலே சொப்ரானோ, அதன் கீழே ஆல்ட்டோ. ஆண்களுக்கு டெனர், பேஸ். பியானோவின் நடுவிலுள்ள சி என்ற கட்டையில் தொடங்கும் ஸ்தாயியை நடு ஸ்தாயி என்றும், அதற்கு அடுத்ததை மேல் ஸ்தாயி என்றும், முந்தியதைக் கீழ் ஸ்தாயி என்றும் வைத்துக்கொண்டால், குழுவில் பாடும் ஆல்ட்டோ கீழ் ஜி-யிலிருந்து மேல் டி அல்லது ஈ வரை பாடவேண்டியிருக்கும். சொப்ரானோ நடு சி-யிலிருந்து மேல் ஏ வரை. இரண்டுக்கும் பொதுவான சுரங்களே அதிகம் என்பது இதிலிருந்து தெரியும். நடு சி-க்கும் மேல் டி-க்கும் இடைப்பட்ட சுரங்களை இரு வரிசையில் நிற்பவர்களும் எளிதாகப் பாடிவிடுவார்கள். ஆராதனையில் பாடும் பாமாலைகளின் ராகங்கள் பெரும்பாலும் இந்தப் பொது இடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கிறிஸ்துமஸ் காலத்தில் பாடப்படும் ‘பக்தரே வாரும்’ பாமாலையின் மெட்டை ஜி சுருதியில் பாடினால், அது நடு டி-யில் தொடங்கி மேல் டி-யில் முடியும் ஒரே ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும். அதை நன்றாகப் பாடிவிட்டதால் ஒருவர் சொப்ரானோ என்று சொல்லிவிட முடியாது. எந்த ஆல்ட்டோவும் அதைப் பாடுவார்.

ஆகவே எட்ட முடிகிற உச்ச சுரம் எது என்ற கேள்வி, வரிசையை முடிவுசெய்யப் போதாது. ஒரே ஒரு தடவை மேல் பி-யைத் தொட்டுவிட்டு வருகிற ஆல்ட்டோக்கள் நிறையப் பேர் உண்டு. குரல் எந்த இடத்தில் களைப்பில்லாமல் தங்குகிறது, எந்த இடத்தில் தெளிவாக ஒலிக்கிறது என்பதே வரிசையைத் தீர்மானிக்கும். ஹாண்டெல் 1741-இல் எழுதிய ‘மெசையா’வின் அல்லேலூயா கோரஸ் இதற்கு நல்ல உரைகல். அதன் பின்பகுதியில் மற்ற மூன்று குரல்களும் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்துக்கொண்டிருக்க, சொப்ரானோக்கள் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்து நிற்பார்கள். பிறகு அந்தச் சுரம் மேல் டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி என்று ஒவ்வொரு படியாக ஏறும். மேல் ஜி-யை ஒரு நொடி தொடுவது வேறு, அந்தப் படிகளிலெல்லாம் நின்று, மூச்சைச் சமாளித்து, கழுத்து நரம்பு புடைக்காமல் ஏறுவது வேறு. இரண்டாவது முடிகிறவருக்கே சொப்ரானோ வரிசையில் இடம்.

சொப்ரானோவாக இருக்க வேண்டியவர் முதலில் ஆல்ட்டோ வரிசைக்கு எப்படிப் போனார் என்பதையும் பார்க்க வேண்டும். பல குழுக்களில் ஆல்ட்டோவுக்கு ஆள் சேர்ப்பது குரலைப் பார்த்து நடப்பதில்லை. சொப்ரானோ பாடுவது பாட்டின் மெட்டு, கேட்டே கற்றுக்கொள்ளலாம். ஆல்ட்டோவோ மெட்டுக்கு உள்ளே ஓடும் இன்னொரு வரி. பக்கத்தில் மெட்டு முழங்கும்போதும் தன் வரியை விடாமல் பிடிக்கக் காது வேண்டும், டானிக் சால்ஃபாவோ ஸ்டாஃப் நொட்டேஷனோ படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் நார்விச்சைச் சேர்ந்த சாரா குளோவர் உருவாக்கி, ஜான் கர்வன் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய டானிக் சால்ஃபா, மிஷனரிகளின் வழியாக இங்கே வந்து இன்றும் பல சபைகளில் நிலைத்திருக்கிறது. வாலிபர் குழுவில் சேர வரும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு சால்ஃபா படிக்கத் தெரியும் என்றால், மாஸ்டர் அவளை உடனே ஆல்ட்டோவில் நிறுத்திவிடுவார். குழுவுக்கு அது நல்லது. அவளுடைய குரலுக்கும் நல்லதா என்று பார்க்க அன்றைக்கு யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. கர்னாடக சங்கீதத்தில் பாடகர் தன் குரலுக்கேற்ற சுருதியை வைத்துக்கொள்கிறார். பெண்கள் பலரும் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். ஐந்து கட்டை என்றால் ஜி. அங்கே ஷட்ஜம் கீழ் ஜி-யில் விழுகிறது, மேல் ஸ்தாயிப் பஞ்சமம் மேல் டி-யில் வருகிறது. அதாவது கச்சேரிக்குப் பழகிய ஒரு பெண் குரலின் வழக்கமான நடமாட்டம் ஏறத்தாழ ஆல்ட்டோவின் எல்லைதான். சின்ன வயதில் பாட்டு வகுப்புக்குப் போய்விட்டு கொயரில் சேரும் பெண், கீழ்ச் சுரங்களைக் கனமாகப் பாடக் கேட்டதும் ஆல்ட்டோ என்று முடிவுகட்டப்படுவதற்கு இது வழிவிடுகிறது. கச்சேரியில் சுருதியை அரைக் கட்டை ஏற்றவோ இறக்கவோ பாடகருக்கு உரிமை உண்டு. கொயரில் சுருதியை இசையமைப்பாளர் எழுதிவைத்துவிட்டார். பாட்டை நகர்த்த முடியாது என்பதால் பாடுபவர்தான் வரிசை மாற வேண்டியிருக்கிறது.

குரல் மேலே போகும்போது தொண்டைக்குள் நடப்பது இது. குரல்வளையில் இரண்டு குரல் நாண்கள் உள்ளன. காற்று அவற்றின் ஊடே போகும்போது அவை அதிர்ந்து ஒலி பிறக்கிறது. நடு சி-யில் நொடிக்கு ஏறத்தாழ 262 முறை, மேல் ஜி-யில் ஏறத்தாழ 784 முறை அவை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. கீழ்ச் சுரங்களில் நாண்கள் தடித்து, குட்டையாக இருக்கும். பேசும் குரலைப் போன்ற கனம் அதில் இருக்கும். இதைப் பாடகர்கள் மார்புக் குரல் என்பார்கள். மேல் சுரங்களுக்கு நாண்கள் இழுபட்டு மெலிந்து, விளிம்பில் மட்டும் அதிர வேண்டும். அது தலைக் குரல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும் இடத்தில் பயிற்சி இல்லாத குரல் உடையும், அல்லது திடீரென்று காற்றாகிவிடும். இந்தக் கடக்கும் இடம் ஆளுக்கு ஆள் வேறுபடும். குரல் பயிற்சியில் பெயர்பெற்ற அமெரிக்க ஆசிரியர் ரிச்சர்ட் மில்லர் தரும் கணக்கின்படி, மேலேயுள்ள கடவு சொப்ரானோவுக்கு மேல் எஃப் ஷார்ப்பை ஒட்டியும், நடுத்தரப் பெண் குரலான மெஸ்ஸோவுக்கு மேல் ஈ-யை ஒட்டியும், ஆழமான கான்ட்ரால்டோவுக்கு மேல் டி-யை ஒட்டியும் வருகிறது. உச்ச சுரத்தைவிட இந்தக் கடவு இருக்கும் இடமே குரலின் இயல்பை நம்பகமாகக் காட்டும். பயிற்சியால் உச்சத்தை ஏற்றலாம். கடவு எளிதில் நகராது.

பத்து ஆண்டுகள் ஆல்ட்டோவில் நின்ற பெண் தலைக் குரலைப் பயன்படுத்தவே தேவை ஏற்பட்டிருக்காது. அவளுடைய வரி மேல் சி-க்கு மேலே அபூர்வமாகத்தான் போகும். அப்படிப் போகும் இடங்களில் கனத்தைக் குறைக்காமல் மார்புக் குரலையே மேலே தள்ளிப் பழகியிருப்பாள். பிறகு ஒரு நல்ல ஆசிரியரிடம் சேர்ந்து, மேலிருந்து மெதுவாக இறங்கும் பயிற்சிகளைச் செய்யும்போது, தனக்கு இல்லை என்று நினைத்த ஒரு பகுதி குரலில் இருப்பது தெரியவருகிறது. குரல் மாறிவிட்டது என்று அவள் சொல்வது பல நேரங்களில் இதைத்தான். மாறியது பழக்கம், அந்தக் குரல் எப்போதும் அங்கேயே இருந்தது.

உடலே மாறுவதும் உண்டு. ஆனால் வயது கொண்டுவரும் மாற்றம் பெண்களுக்கு வழக்கமாகக் கீழ்நோக்கியே நடக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் குரல் நாண்கள் தடித்து, மேல் சுரங்கள் சிலருக்குக் கரைந்துபோகும். ஐம்பதைத் தாண்டிய சொப்ரானோக்கள் ஆல்ட்டோவுக்கு இறங்கிவருவதை எல்லாக் குழுக்களிலும் பார்க்கலாம். அதற்கு எதிர்த் திசையில் குரல் ஏறுகிறது என்றால், முன்பு அதைக் கீழே இழுத்துவைத்திருந்த ஏதோ ஒன்று விலகியிருக்கிறது என்று பொருள். தைராய்டு சுரப்பு குறைந்திருந்தால் குரல் நாண்களில் நீர்த்தன்மை சேர்ந்து குரல் கனத்து, கரகரத்து, சீக்கிரம் களைத்துவிடும். மாத்திரையால் சுரப்பு சரியானபின் பலருக்குக் குரல் தெளிந்து மேல் சுரங்கள் திரும்புகின்றன. இரைப்பை அமிலம் தொண்டைக்கு ஏறி வரும் தொல்லை உள்ளவர்களுக்கும் சிகிச்சைக்குப்பின் இப்படி நடக்கலாம். புகைப்பவர்களுக்குக் குரல் நாண்கள் வீங்கிக் குரல் ஆண் குரல்போல் தாழ்வதும் உண்டு.

எல்லா மாற்றமும் நல்ல செய்தி இல்லை. சில நாட்களில் சட்டென்று கீழ்ச் சுரங்கள் மறைந்தாலோ, கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பாடும்போது வலித்தாலோ, ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் ஒலி எழாமல் காற்று மட்டும் வந்தாலோ கடிதம் எழுதும் நேரம் அதுவல்ல. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். சிறு கேமராவை விட்டுக் குரல் நாண்களை நேரில் பார்ப்பது சில நிமிட வேலை. நாண்களில் முடிச்சோ வீக்கமோ இருக்கும்போது சொப்ரானோ வரிசைக்கு மாறினால், மேல் சுரங்களின் உழைப்பு அதை இன்னும் மோசமாக்கும்.

இத்தனையும் தெரிந்த ஒருவர் எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி இது. முப்பத்தொரு வயதுப் பெண், வாலிபர் குழுவில் சேர்ந்த நாள்முதல் ஆல்ட்டோ. கடிதம் ஜனவரி மாதம் எழுதப்படுகிறது.

“கர்த்தருக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

பத்தொன்பது வயதில் நம் கொயரில் சேர்ந்தபோது நீங்கள் என்னை ஆல்ட்டோவில் நிறுத்தினீர்கள். அந்த வரியைப் பாடிப் பாடித்தான் எனக்குக் காது வந்தது. அதை நான் மறக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்குத் தைராய்டு குறைவு என்று தெரிந்து மாத்திரை எடுத்து வருகிறேன். அதற்குப் பிறகு குரல் இலேசாகியிருக்கிறது. போன வருடம் முழுவதும் ஒரு ஆசிரியரிடம் பயிற்சிக்கும் போனேன். இப்போது மேல் டி முதல் மேல் ஜி வரை களைப்பில்லாமல் பாடுகிறேன். மெதுவாகவும் பாட முடிகிறது. மேல் ஏ வருகிறது, ஆனால் தினமும் நன்றாக வரும் என்று சொல்லமாட்டேன். கீழே பி-க்குக் கீழ் குரல் காற்றாகிவிடுகிறது. டிசம்பர் கேரல் ஆராதனையில் ஆல்ட்டோவின் தாழ்ந்த இடங்களில் நான் சும்மா வாயசைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொண்டை மருத்துவரிடம் காட்டினேன். நாண்களில் குறை ஒன்றும் இல்லை என்றார்.

சொப்ரானோவுக்கு மாற்ற முடியுமா என்று நீங்களே என் குரலைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆல்ட்டோவில் இப்போது ஆள் குறைவு என்பது எனக்குத் தெரியும். அதனால் ஈஸ்டர் வரை இருக்கிற இடத்திலேயே பாடுகிறேன். புதிதாக வந்திருக்கும் தங்கச்சிகளுக்கு ஆல்ட்டோ வரியைச் சொல்லிக் கொடுக்கவும் தயார். இரண்டாம் சொப்ரானோ போதும் என்று நீங்கள் நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமே. வேண்டாம் என்றாலும் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வேன்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் ஆல்ட்டோ வரிசைப் பிள்ளை.”

இந்தக் கடிதத்தின் பலம் அதிலுள்ள நேர்மையான விவரத்தில் இருக்கிறது. மேல் ஜி வரை வரும், மேல் ஏ உறுதியில்லை, கீழ் பி-க்குக் கீழே ஒலி இல்லை என்ற மூன்று தகவலும் கொயர் மாஸ்டருக்கு உடனே பயன்படும். பெரும்பாலான கடிதங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. “இப்போதெல்லாம் என்னால் ரொம்ப உயரமாகப் பாட முடிகிறது” என்று எழுதினால் மாஸ்டருக்கு ஒன்றும் விளங்காது. “மெதுவாகவும் பாட முடிகிறது” என்ற சின்ன வாக்கியம் அதைவிட மதிப்புள்ளது. மேல் சுரத்தைக் கத்திப் பாட எவராலும் முடியும். அதைத் தாழ்ந்த ஒலியில் பாடுவதற்குக் குரல் நாண்கள் நலமாக, மெலிந்து அதிரக்கூடியவையாக இருக்க வேண்டும். அடுத்து, கடிதம் மாற்றத்தைக் கோரவில்லை, குரலைக் கேட்கும்படி கோருகிறது. முடிவு மாஸ்டரிடமே இருப்பதால் அவர் தன் பழைய தேர்வு தவறென்று ஒப்புக்கொள்ள வேண்டிய சங்கடம் வராது. “அன்றைக்கே என்னைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டீர்கள்” என்ற தொனியில் தொடங்கும் கடிதம், குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பதிலைப் பாழாக்கிவிடும்.

நோயைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்பதில்லை. அது அவரவர் விருப்பம். “உடல்நலக் காரணம் ஒன்று சரியான பிறகு” என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதும் போதும். ஆனால் மருத்துவர் பார்த்துவிட்டார் என்ற செய்தி இருக்க வேண்டும். அது மாஸ்டரின் முதல் கவலையைத் தீர்க்கிறது. எழுதிய காலமும் முக்கியம். கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்கு மூன்று வாரம் இருக்கும்போது வரும் இப்படியொரு கடிதத்துக்கு எந்த மாஸ்டரும் இணங்க முடியாது. ஜனவரியில் எழுதி ஈஸ்டருக்குப் பிறகு என்று கேட்டால், லெந்து நாட்களின் பாடல்கள் முடியும்வரை அவருக்கு யோசிக்க அவகாசம் கிடைக்கிறது.

கடிதம் வந்தபின் நடக்கவேண்டிய குரல் தேர்வு இருபது நிமிடத்தில் முடியும். தனியாக, பியானோவோ கீபோர்டோ இருக்கும் அறையில், குரல் சூடான பிறகு அதை நடத்த வேண்டும். ஐந்து சுரம் ஏறி இறங்கும் எளிய பயிற்சியை நடு டி-யில் தொடங்கி, ஒவ்வொரு அரைச் சுரமாக மேலே நகர்த்துவார்கள். மாஸ்டர் காது கொடுக்க வேண்டியது சுரம் எட்டப்படுகிறதா என்பதற்கு அல்ல. எங்கே தாடை இறுகுகிறது, எங்கே தோள் உயர்கிறது, ‘ஆ’ என்ற ஒலி எங்கே ‘ஓ’வாகவோ ‘ஏ’யாகவோ திரிகிறது என்பதற்கு. குரல் நிறம் மாறும் அந்த இடமே கடவு. அது மேல் டி-யிலேயே வந்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு தூரம் பாடினாலும் அவர் ஆல்ட்டோதான். மேல் எஃப்புக்கு அருகில் வந்தால் சொப்ரானோ என்று துணிந்து சொல்லலாம். இடையில் மேல் ஈ-யில் வந்தால் மெஸ்ஸோ. குழுவில் அவருக்கேற்ற இடம் இரண்டாம் சொப்ரானோ. மேலே சொன்ன கடிதத்தை எழுதியவர் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே நேர்கிறது.

பிறகு மெல்லிய பாட்டுச் சோதனை. அமெரிக்கத் தொண்டை மருத்துவர் ராபர்ட் பாஸ்டியன் பாடகர்களுக்காகப் பரவலாக்கிய முறை இது. பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டின் முதல் வரியை உயர்ந்த சுருதியில், பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதுபோல மிக மெல்லப் பாடச் சொல்வார்கள். நாண்களில் சிறிய வீக்கம் இருந்தாலும் ஒலி சற்றுத் தாமதித்துத் தொடங்கும், அல்லது முதலில் காற்று மட்டும் வந்து பிறகு சுரம் பிடிக்கும். உரக்கப் பாடினால் இது மறைந்துவிடும் என்பதே இதன் நுட்பம். ஒவ்வொரு வாரமும் காலையில் வீட்டிலேயே இதைச் செய்து பார்ப்பது வரிசை மாறியவருக்கு நல்ல பாதுகாப்பு. முன்பு மெல்ல வந்த சுரம் இந்த வாரம் வரவில்லையென்றால் இரண்டு நாள் குரலுக்கு ஓய்வு தர வேண்டும் என்று அர்த்தம். கடைசியாக, அல்லேலூயா கோரஸின் அந்த ஏறும் படிகளையோ, குழு பாடப்போகும் பாட்டின் கடினமான சொப்ரானோ இடத்தையோ மூன்று முறை தொடர்ந்து பாடச் சொல்ல வேண்டும். முதல் முறை எல்லோருக்கும் நன்றாக வரும். மூன்றாவது முறையில் சுரம் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

குரல் தேறினாலும் மாஸ்டர் உடனே சரி என்று சொல்லிவிட முடியாது. இருபது பேர் கொண்ட சபைக் கொயரில் சொப்ரானோ எட்டுப் பேர், ஆல்ட்டோ நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்த நால்வரில் வரியைத் தாங்கிப் பிடிப்பவர் இவர் ஒருவர்தான் என்றால், இவர் எழுந்து போனதும் மற்ற மூவரும் மெட்டுக்கு நழுவிவிடுவார்கள். ஆல்ட்டோ தடுமாறினால் பாட்டின் நடு ஒலி காணாமல் போய், மேலே மெட்டும் கீழே பேஸும் தனித்தனியாகக் கேட்கும். ஒன்பதாவது சொப்ரானோவால் கூடுவது கொஞ்சம் சத்தம் மட்டும். குழுவின் கணக்கில் இது நஷ்டம். இதற்காக ஒருவரை அவருக்குப் பொருந்தாத வரியில் ஆண்டுக்கணக்கில் பிடித்துவைப்பதும் நியாயமில்லை. கீழ்ச் சுரங்களில் வாயசைப்பவரால் ஆல்ட்டோவுக்கும் பலமில்லை. ஆகவே ஒரு பருவம் அவகாசம் எடுத்து, வேறொருவரை ஆல்ட்டோவில் பழக்கிவிட்டு மாற்றுவதே சரியான வழி. கடிதத்தில் சொல்லிக்கொடுக்க முன்வந்த அந்த ஒரு வரி, இங்கேதான் முழுப் பலன் தருகிறது.

இடைக்கால ஏற்பாடாகப் பாட்டுக்குப் பாட்டு மாறி நிற்பதும் உண்டு. பாமாலைகளில் ஆல்ட்டோ, பெண் குரல்கள் மூன்றாகப் பிரியும் பாடல்களில் இரண்டாம் சொப்ரானோ என்று வைத்தால், மேல் சுரங்களுக்குக் குரல் படிப்படியாகப் பழகும். இரு வரிசைக்கும் நடுவில் அவரை நிறுத்தினால் எந்தப் பக்கமும் திரும்பலாம். ஒரே ஒத்திகையில் இரண்டு மணி நேரமும் மேல் வரியிலேயே பாடவைப்பதுதான் முதல் மாதத்தில் தவிர்க்க வேண்டியது.

மாறியபின் வரும் தொல்லைகளும் தெரிந்தவையே. ஆல்ட்டோவாக இருந்தவர் கனத்தை விடாமல் மேலே கொண்டுபோவார். அவருடைய சுரம் மற்ற சொப்ரானோக்களைவிடச் சற்றுத் தாழ்ந்து, தடித்துத் தனியாகக் கேட்கும். ஒத்திகையைக் கைப்பேசியில் பதிவுசெய்து மேல் டி-க்கு மேலான இடங்களை மட்டும் கேட்டால் இது சட்டென்று தெரியும். அங்கே இன்னும் ஓங்கிப் பாடாமல், ஒலியைக் குறைத்துப் பாடி, பிறகு மெல்லக் கூட்ட வேண்டும். இரண்டாவது தொல்லை எதிர்பாராதது. பன்னிரண்டு ஆண்டுகள் உள்வரியைப் பாடியவர், மெட்டைப் பாடும்போதும் தன்னை அறியாமல் ஆல்ட்டோவுக்கு வழுக்கிவிடுவார். அவருக்குப் பழைய பாமாலைகள்தான் புதிய பாட்டுகளைவிடக் கடினம். இதற்கு மருந்து, அந்தப் பாமாலைகளின் சொப்ரானோ வரியை முதல்முறை பார்ப்பதுபோல சால்ஃபா எழுத்திலிருந்தே மறுபடி படிப்பது. நினைவிலிருந்து பாடக் கூடாது.

கடிதத்துக்கு மாஸ்டரின் பதில் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: சரி, இரண்டாம் சொப்ரானோ, இப்போது வேண்டாம். எதுவாயினும் கேட்ட சுரங்களைக் குறிப்பிட்டு எழுத்தில் தருவது நல்லது. “உங்கள் கடவு மேல் ஈ-யில் இருக்கிறது, மேல் எஃப்புக்கு மேல் மூன்றாவது முறையில் சுரம் இறங்கியது, ஈஸ்டருக்குப் பிறகு இரண்டாம் சொப்ரானோவில் தொடங்குவோம், ஆகஸ்டில் மறுபடி கேட்கிறேன்” என்று நான்கே வரியில் முடியும் அது. அப்படி எழுதும் மாஸ்டர், கேட்டவருக்கு ஆகஸ்டு வரை எதில் உழைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். “பார்க்கலாம்” என்று சொல்லி விட்டுவிட்டால், ஒருநாள் அந்தப் பெண் கொயருக்கு வருவதையே நிறுத்திவிடக்கூடும். கொயர் மாஸ்டர்கள் ஆண்டுக்கொருமுறை, ஈஸ்டர் முடிந்த கையோடு, எல்லோருடைய குரலையும் தனித்தனியாகக் கேட்டு எங்கே நிற்கவேண்டும் என்று குறித்துவைத்துக்கொண்டால், இப்படியொரு கடிதம் எழுத யாரும் தயங்க வேண்டியிராது.